நம்பர் மட்டும் வாசிக்கிறவர்

என் வீட்டுக்காரருக்குப் போனை ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது. கொச்சியில், கொச்சங்காடியின் சுக்கு, மிளகு குடோன்களில் தரகு பார்க்கிறவர். சாக்கு விழும் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தித் தொண்டையும் காதும் அப்படி ஆகிவிட்டன. எனக்கு அது தீராத தலைவலி. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அந்த ஸ்பீக்கருக்குக் கற்பூரம் காட்டலாம் போலிருந்தது.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சரக்குக்கும் சீட்டில் ஒரு லாட் நம்பர் இருக்கும். இவர் போனில் அதைச் சொல்வார், எதிர்முனைக்காரர் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான், கச்சவடம், அதாவது வியாபாரம், முடிந்தது. சீட்டில் சரக்கின் பெயர், எடை எல்லாம் அச்சடித்திருக்கும். ஒருத்தரும் வாசிப்பதில்லை. "நம்பர் சொன்னா வாக்கு சொன்ன மாதிரி" என்று பெருமையாகச் சொல்வார். எந்த மெசேஜ் வந்தாலும் அவர் கண் நேராக நம்பருக்குத்தான் போகும், மாடு தொட்டிக்குப் போகிற மாதிரி.

நான் பிளவுஸ் தைக்கிறவள். என் பழைய மிஷின் நூலைத் தின்ன ஆரம்பித்திருந்தது. கலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிற மகள், போனிலேயே புதுசு வாங்கலாம் என்று ஒரு கடை ஆப்பை இவர் போனில் போட்டுக்கொடுத்தாள். "ஆப்புக்குள்ளேயே பணம் கட்டும்மா. வெளியில இருந்து எந்த லிங்க் வந்தாலும் தொடாதே" என்றாள். நான் கட்டும் இடத்தில் கடையின் பெயரும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று ரெண்டு தரம் பார்த்துத்தான் கட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை.

கணக்கில் மீதி இருந்தது மகளின் பரீட்சைக்கான ஃபீஸ். திங்கட்கிழமை கடைசி நாள். கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஒரு வருஷம் போச்சு.

சனிக்கிழமை நான் அடுப்பில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். கூடத்தில் இவர் குரல்.

"ஆமா, மட்டாஞ்சேரிதான். அஞ்சு ரூபா கட்டியாச்சே. கார்டு நம்பரெல்லாம் அடிச்சேன்."

எதிர்முனையில் ஒருவன் தேன் ஒழுக மலையாளத்தில் பேசினான். "பேங்கில் நின்னு ஒரு மெசேஜ் வந்நிட்டுண்டாவும் சாரே. அதிலெ நம்பர் மாத்ரம் பறஞ்ஞால் மதி. பார்சல் இன்னு தன்னெ எத்தும்."

எனக்குச் சுருக்கென்றது. பேங்கு மெசேஜில் வந்த நம்பரை மட்டும் சொன்னால் போதுமாம், பார்சல் இன்றைக்கே வந்துவிடுமாம். பார்சல் கொண்டுவருகிறவனுக்குப் பேங்கு மெசேஜ் எதற்கு? மிஷினுக்குத்தான் முழுப் பணமும் கட்டியாயிற்றே, இதென்ன அஞ்சு ரூபாய்?

"ஏங்க! என்னங்க அது?" என்று கரண்டியோடு ஓடினேன்.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, குடோனில் நிற்கிறவர் மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாலு... ஏழு... ரெண்டு... ஒம்பது..."

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் தொகைக்கு இங்கிலீஷ் வேண்டாம். நாற்பத்தெட்டாயிரம். பக்கத்தில் கேள்விப்படாத ஏதோ கடையின் பெயர். கீழே, இந்தக் 'கோடு' நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று.

"இனி ரண்டு நம்பர் கூடி, சாரே" என்றான் அவன்.

இவர் வாயைத் திறந்தார். நான் போனைப் பிடுங்கி லைனைத் துண்டித்தேன். கரண்டியில் இருந்த குழம்பு அவர் வேட்டியில் கொட்டியது.

"அடிப்பாவி, உனக்கென்ன பைத்தியமா? பேசிட்டிருக்கிற ஆளோட..."

"பைத்தியம் எனக்கா? மெசேஜை முழுசா வாசியுங்க! நாப்பத்தெட்டாயிரம்! உங்க மக ஃபீஸுய்யா!"

அவர் கண்ணாடியை இறக்கி வாசித்தார். முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அந்த நேரம் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, பயத்துக்கும் அளவில்லை.

நடந்தது இதுதான். விலாசம் சரியில்லை, அஞ்சு ரூபாய் கட்டினால் பார்சல் வரும் என்று பார்சல் கம்பெனி பெயரில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அனுப்பி வைத்த தூண்டில் அது. நாங்கள் மிஷினுக்குக் காத்திருந்ததால் இவர் கவ்விவிட்டார். லிங்க்கைத் தட்டி, வந்த பக்கத்தில் கார்டு நம்பர், தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் எல்லாம் அடித்திருக்கிறார். அதை வைத்து அவன் வேறெங்கோ பெரிய சாமான் வாங்கப் பார்க்கிறான். நடுவில் நிற்பது அந்தக் கோடு ஒன்றுதான்.

போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. உடனே 'டிங்' என்று இன்னொரு கோடு. அவன் திரும்பவும் முயல்கிறான். இன்னொரு 'டிங்'.

"பேங்குக்குக் கூப்பிடணும்" என்று இவர் இணையத்தில் நம்பர் தேடப் போனார்.

"ஐயோ, அங்கே எவன் நம்பர் போட்டு வெச்சிருக்கானோ! கார்டை எடுங்க, பின்னாடி அச்சடிச்சிருக்கு."

என் சின்னப் போனில் அந்த நம்பரை அழுத்தினேன். அதை அழுத்து, இதை அழுத்து என்று ஒரு பதிவுக் குரல். இவர் போனில் டிங், டிங். நாலு இலக்கம் சொல்லிவிட்டாரே, மீதி ரெண்டை அவன் ஊகித்துவிட்டால்? குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. போய்த் தொலையட்டும்.

கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். சொன்னேன். "பயப்படாதீங்கம்மா, கார்டை முடக்கிடறேன். உங்களுக்கு வந்த கோடை எனக்கும் சொல்ல வேண்டாம்" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும்தான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நம்பினேன். அவள் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணும் போகலைம்மா. கார்டு முடங்கியாச்சு."

தரையில் உட்கார்ந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார், தொடப் பயந்து.

திங்கட்கிழமை காலை வங்கிக்கு நேரில் போய், கணக்கிலிருந்து கல்லூரிக்கு ஃபீஸ் அனுப்பினோம். கவுன்டரில் இருந்த அம்மாவிடம் இவர் அஞ்சு ரூபாய் கேட்ட அந்தப் பக்கத்தைப் போனில் காட்டி, "பூட்டுப் படமெல்லாம் இருந்துதே மேடம்" என்று முறையிட்டார். "திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு சார். பூட்டைப் பார்க்காதீங்க, மேலே இருக்கிற பெயரைப் பாருங்க" என்றாள். பார்த்தோம். பார்சல் கம்பெனி பெயரில் ஓர் எழுத்து கூடுதல், பின்னால் என்னென்னவோ வால்.

செவ்வாய்க்கிழமை மழையில் மிஷின் வந்தது. பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு டெலிவரிப் பையன் கேட்டான்: "சாரே, கோடு."

இவர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு போனை எடுத்தார், கண்ணாடியை மாட்டினார், மெசேஜை முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். நாங்கள் மிஷின் வாங்கின கடையின் பெயர். தையல் மிஷின். பார்சல் கையில் கிடைத்த பிறகே இந்தக் கோடைச் சொல்லவும். பணம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"நம்பர் மாத்ரம் மதி சாரே, மழ நனயுன்னு" என்றான் மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தப் பையன், பாவம்.

"நம்பர் மட்டும் சொல்லித்தான் மோனே, என் மகளோட ஒரு வருஷத்தை வித்துட்டிருப்பேன்" என்றார் இவர். "நீ பெட்டியை உள்ளே வை. இவ திறந்து பார்க்கட்டும். அப்புறம் சொல்றேன்."