டாக்டர் ராஜாமணியின் பதினாறு-ஏ

செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் ராஜாமணிக்கு ஒரகடத்துக் கம்பெனியில் வேலை. மற்ற நாட்களில் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடைக்கு மேலே, தன் சொந்தக் கிளினிக்கில் இருப்பார். கணவர் போன பிறகு மகளைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் இந்த இரண்டு வருமானத்தில்தான்.

கம்பெனி, கார்களுக்குத் தகடு அழுத்திக் கொடுப்பது. பிரஸ் மிஷினில் விரல் நசுங்கி வருபவர்களுக்குத் தையல், வெல்டிங் பொறி பட்ட கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி ஷிப்ட் ஆட்களின் வயிற்று எரிச்சல். மாதம் பன்னிரண்டாயிரம் பேசியிருந்தார்கள். அதில் அறுநூறு ரூபாயை வருமானவரி என்று பிடித்துக்கொண்டு மீதிக்குச் செக் வரும். செக்கோடு ஒரு சீட்டும் வரும். மொத்தம் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, கைக்கு இவ்வளவு. ராஜாமணி அந்தச் சீட்டுகளை ஒரு பழைய எக்ஸ்-ரே கவரில் போட்டுவைப்பார்.

2004 ஏப்ரல் முடிந்தும் வருடக் கணக்குக்கான சான்றிதழ் வரவில்லை. பதினாறு-ஏ என்ற படிவம். 'உங்கள் பணத்தில் இவ்வளவு வரி பிடித்து அரசாங்கத்தில் கட்டியிருக்கிறோம்' என்று பிடித்தவர் கொடுக்கவேண்டிய தாள். கம்பெனியின் கணக்கர் தாவீதிடம் கேட்டார்.

"அடுத்த வாரம் குடுத்துர்றேன் டாக்டரம்மா. எம்.டி. கையெழுத்துதான் பாக்கி."

அடுத்த வாரம் அதற்கடுத்த வாரம் ஆனது. மே மாதம் ராஜாமணி முதல் கடிதத்தை எழுதினார். நாலே வரி. 'தயவுசெய்து அனுப்பிவைக்கவும்' என்று முடித்திருந்தார். பதில் இல்லை.

ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்தாகவேண்டும். வாலாஜாபாத்தில் வரி ஆலோசகராக இருந்த சண்முகசுந்தரம் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வருமானத்தை முழுசா காட்டிருவோம். பிடிச்ச ஏழாயிரத்து இருநூறையும் காட்டுவோம். ஆனா சர்டிபிகேட் வைக்காம அந்தப் பணத்தை உங்க கணக்குல வரவு வைக்கமாட்டாங்க. எழுதிக்கிட்டே இருங்க. ரிஜிஸ்தர் தபால்ல, ஒப்புகைச் சீட்டோட."

ஆகஸ்டில் ஒன்று, நவம்பரில் ஒன்று. இரண்டு ஒப்புகைச் சீட்டும் கம்பெனி முத்திரையோடு திரும்பி வந்தன. சான்றிதழ் மட்டும் வரவில்லை. அதே கம்பெனிக்குள் வாரம் இரண்டு முறை போய், அதே ஆபீஸ் அறையைத் தாண்டி, முதலுதவி அறையில் உட்காருவது ராஜாமணிக்குக் கூச்சமாக இருந்தது. கடிதம் எழுதியவர் அவர்; ஆனால் தலை குனிந்து நடந்தவரும் அவரே.

பிப்ரவரியில் வருமானவரி அலுவலகத்திலிருந்து பழுப்பு உறை வந்தது. பிடித்த வரிக்குச் சான்று இல்லை, வரவு இல்லை. வட்டியோடு எட்டாயிரத்துச் சொச்சத்தை முப்பது நாளுக்குள் கட்டவேண்டும். நோயாளிகள் காத்திருந்தார்கள். உறையை மேஜை டிராயரில் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்று ஒருவருக்கு ரத்த அழுத்தம் இரண்டு முறை பார்க்கவேண்டி வந்தது. முதல் தடவை பார்த்தது மனதில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை தாவீதைக் கம்பெனி வாசலில் நிறுத்திக் கேட்டார். தாவீது பக்கத்து ஊர்க்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பொய் சொல்லிச் சொல்லி முகமே கறுத்திருந்தது.

"இன்னா சொல்றது டாக்டரம்மா. பிடிச்ச பணத்தைக் கட்டவே இல்ல. கட்டாத பணத்துக்கு எப்டி சர்டிபிகேட் எழுதுறது? எம்.டி. கையில கேட்டா, சரக்கு வாங்குன பார்ட்டி பணம் வரட்டும்ன்றாரு. பத்து மாசமா இதே பேச்சு."

"எம் பேருல பிடிச்ச பணம் தாவீது அது."

"தெரியும்மா."

இதைக் கேட்டதும் சண்முகசுந்தரம் சற்றே நிமிர்ந்தார். பிடித்துவிட்ட வரியைத் திரும்பப் பணத்துக்குரியவரிடமே கேட்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது என்றார். சீட்டுகளின் நகலோடு வருமானவரி அலுவலகத்துக்கு ஒரு பதில் எழுதிப் போட்டார். "ஆனா அங்க இருக்கறவங்க தாளைத்தான் பாப்பாங்க. தாள் வரணும்னா கம்பெனிக்குச் சூடு வைக்கணும். இந்தத் தடவை நகல் ஒண்ணு சென்னையில, வரிப் பிடித்தம் பாக்குற டி.டி.எஸ். அதிகாரிக்கும் போகட்டும்."

நான்காவது கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். செக் நம்பர், தேதி, மாதாமாதம் பிடித்த தொகை. முன்பு எழுதிய மூன்று கடிதங்களின் தேதி. சான்றிதழ் தராத ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய், பிடித்த வரியின் அளவு வரைக்கும், அபராதம் விழும் என்ற சட்டப்பிரிவு. அடியில் 'நகல்' என்று அதிகாரியின் முகவரி.

எழுதியதைத் தபாலில் போடவில்லை. கைப்பையிலேயே பத்து நாள் கிடந்தது. அதற்குக் காரணம் முப்பிடாதி.

முப்பிடாதி திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், பிரஸ் ஆபரேட்டர். இடது கைப் பெருவிரலில் தகடு கிழித்து வந்திருந்தான். தையல் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"நீங்க கம்பெனி மேல எழுதிப் போடப் போறீயளாம்மா? ஆபீஸ்ல பேசிக்கிடுதாங்க."

"யார் சொன்னது?"

"எல்லாருந்தாம்மா. ஏற்கெனவே ரெண்டு மாசச் சம்பளம் வரல. ஆபீசருங்க வந்து கதவைச் சாத்திட்டா நாங்க எங்க போவோம்?"

ராஜாமணி நூலை அறுத்துக் கட்டுப் போட்டார். ஏழாயிரத்து இருநூறுக்காக இந்தப் பிள்ளைகளின் அறை வாடகையைத் தொடுகிறோமோ என்று பஸ்ஸில் வல்லக்கோட்டை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார். பேசாமல் நாமே கட்டித் தொலைத்துவிடலாமா என்றும் தோன்றியது. ஓய்ந்துபோனவருக்கு அதுதான் சுலபமான வழி.

அடுத்த வாரம் தையல் பிரிக்க வந்த முப்பிடாதி, தானாகவே இன்னொன்றும் சொன்னான். "எங்க சம்பளத்துலயும் பி.எப்.ன்னு பிடிக்காங்கம்மா. இங்க வேலை பாத்த எங்க ஊர்க் கூட்டாளி ஒருத்தன் வேலைய விட்டுட்டு பி.எப். ஆபீசுக்கு எழுதிக் கேட்டான். ஒரு வருசமா கட்டவே இல்லைன்னு பதில் வந்திருக்கு. எங்களுக்குக் கேக்கவும் தெரியாது, யார்ட்ட கேக்கன்னும் தெரியாது."

அன்று மதியம் ஒரகடம் தபால் நிலையத்தில் கம்பெனிக்கும் அதிகாரிக்குமான இரண்டு உறைகளும் பதிவாயின. முப்பிடாதியிடமும் ஒரு தாளைக் கொடுத்தார், பி.எப். அலுவலகத்துக்கு என்ன எழுதவேண்டும் என்று தன் கையாலேயே எழுதியிருந்தார்.

மே மாதம் அதிகாரியிடமிருந்து கம்பெனிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. யாரும் கதவைச் சாத்தவில்லை. பிடித்த வரியை வட்டியோடு கட்டினார்கள், அவ்வளவுதான். ஜூனில் தாவீதே சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். பணம் கட்டிய தேதி, செலான் எண், வங்கிக் கிளை எல்லாம் இருந்தன.

"இன்னொரு கவரும் கீதும்மா," என்றார், கண்ணைப் பார்க்காமல்.

ஜூலை முதல் மருத்துவரின் சேவை தேவையில்லை என்று எழுதியிருந்தது. காரணம் எழுதவில்லை.

"டீ குடிக்கிறியா?" என்றார் ராஜாமணி. கீழேயிருந்து இரண்டு டீ வரவழைத்தார்.

சண்முகசுந்தரம் சான்றிதழின் அசலை இணைத்து மனுப் போட்டார். தாமதமாக வந்த சான்றையும், வருமானம் ரிட்டர்னில் காட்டப்பட்டிருந்தால், மதிப்பீட்டு வருடம் முடிந்து இரண்டு வருடம் வரைக்கும் ஏற்கச் சட்டம் இருந்தது. காஞ்சிபுரத்துக்கு மூன்று நடை. முதல் நடையில் அதிகாரி விடுப்பு, இரண்டாவதில் ஃபைல் கிடைக்கவில்லை. அக்டோபரில் திருத்திய உத்தரவு வந்தது. கட்டவேண்டியது: இல்லை.

மகள் போனில், "ஜெயிச்சிட்டம்மா!" என்றாள்.

"அப்படியா?" என்றார் ராஜாமணி. மாதம் பன்னிரண்டாயிரம் போய்விட்டது. ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிரஸ் ஆட்களுக்குப் பாதிக் கட்டணம்தான் வாங்கினார்.

2004-05-க்கான சான்றிதழும் அதுவரை வந்திருக்கவில்லை. தாவீது வேலையை விட்டிருந்தார். புதுக் கணக்கர் யாரென்று தெரியாது. ராஜாமணி நோயாளிகள் போனபின் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். இந்தத் தடவை 'தயவுசெய்து' இல்லை. நகல் யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொண்டார்.