மூன்று புகாருக்கு மூன்று சீட்டு

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம். போனில் வரும் ஒவ்வொரு புகாருக்கும் தனிச் சீட்டு. உடைப்பு ஒரு பிரிவுக்கு, கலங்கல் தண்ணீர் இன்னொன்றுக்கு, மீட்டர் வேறொன்றுக்கு. எதையும் சேர்த்து எழுதக்கூடாது.

தன் உடம்புக்கும் அப்படியே எழுதினாள். பிற்பகலில் நெற்றியைச் சுற்றி இறுக்கும் தலைவலிக்குக் கண் டாக்டர். வயிற்று எரிச்சலுக்கு மருந்துக்கடை. தூக்கத்துக்குப் புதுத் தலையணை. கண்ணாடி மாறியது, வலி மாறவில்லை. தினமும் வெறும் வயிற்றில் வலி மாத்திரை, அசதி தெரியாமலிருக்க இருட்டும்வரை காபி. எதிலிருந்து எது வருகிறது என்று பிடிபடவில்லை. தலையில் கட்டியோ என்ற பயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் தெருவை மாற்றி எழுதிவிட்டாள். குழாய் பழுது பார்க்கும் ஆள், எல்லோருக்கும் அவர் 'வால்வு', சீட்டோடு திரும்பி வந்தார்.

"அங்க குழாய் நல்லாத்தான் இருக்குக்கா. தோண்டப் போனதுக்கு ஒரு பெரியவர் கம்பைத் தூக்கிட்டு வந்துட்டாரு."

"தூக்கமே இல்ல வால்வு. தலை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். எதைன்னு பார்க்குறது?"

"மூணு தெருவுல தண்ணி வரலைன்னா மூணையுமா தோண்டுவேன்? மேல இருக்குற வால்வைத்தான் பார்ப்பேன். டாக்டர்கிட்ட மூணையும் சேர்த்துச் சொன்னீங்களா?"

சொன்னதில்லை.

மறுநாள் ஒரு பொது மருத்துவரிடம் போய் மூன்றையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார், நேர்கோட்டில் நடக்கவிட்டார், ரத்தப் பரிசோதனை எழுதினார்.

"கட்டியா டாக்டர்?"

"அப்படி எந்த அறிகுறியும் இல்ல. வேலை இறுக்கம்னு நினைக்கிறேன். தினமும் வலி மாத்திரை போட்டா வயிறும் புண்ணாகும், தலைவலியும் கூடும். நிறுத்துங்க. முதல்ல கொஞ்ச நாள் வலி அதிகமாகும். திடீர்னு தாங்க முடியாத வலி, கை கால் மரத்துப்போறது, கறுப்பா வெளிக்குப் போறது, இதுல எது வந்தாலும் உடனே வாங்க."

"போன் மணிக்கெல்லாம் தலை வலிக்குமா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டே எடுத்தா வலிக்கும்."

ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். தினமும் ஒரே நேரத்தில் எழுவது. மதியத்துக்குமேல் காபி இல்லை. போன் அடித்தாலும் சாப்பாடு தள்ளாது, அந்த அரை மணி பக்கத்து மேஜை எடுக்கும். இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தாடையைத் தளர்த்தி மெதுவாக ஐந்து மூச்சு. வேலை முடிந்ததும் இருபது நிமிட நடை.

"வீட்டுலயும் நோட்டீஸ் போர்டா?" என்றார் கணவர். "என் புகாரை யாருகிட்ட குடுக்குறது?"

"சீட்டு தீர்ந்துபோச்சு."

ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. முதல் இரண்டு வாரம் வலி கூடியதால் டாக்டர் மேலேயே சந்தேகம் வந்தது. ஆறாவது வாரம் தூக்கம் வந்தது. பிறகு வயிறு அடங்கியது. தலைவலி மாதத்துக்கு இரண்டு முறை என்று குறைந்தது. தாளில் எந்த வரி வேலை செய்தது என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அதனால் ஒன்றையும் விடவில்லை.

பதினொரு வருஷம் கழித்து, தலைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லாத ஒரு காய்ச்சலில் இறந்துபோனாள். தாள் அலமாரிக்குள் அப்படியே இருக்கிறது.