நிரூபிக்க முடியாத கணவன்

புதுக்கோட்டையைத் தாண்டியுள்ள பொறியியல் கல்லூரியில் ஐஸ்வர்யா புரோலாக் என்ற கணினி மொழியை நடத்துகிறாள். உறவுமுறையை வைத்துத்தான் அந்தப் பாடத்தைத் தொடங்குவார்கள். யார் யாருக்குப் பெற்றோர் என்று உண்மைகளை எழுதிவிட்டால் போதும். தாத்தா யார், அத்தை யார் என்பதை விதிகளைக் கொண்டு கணினியே கண்டுபிடித்துவிடும். பாடப்புத்தகத்தில் இருந்த ஜானும் மேரியும் பிள்ளைகளுக்கு ஒட்டவே இல்லை. சரி, நம் வீட்டுக் கதையையே போடுவோம் என்று மாமனார் ராஜதுரை, மாமியார் செல்லத்தாய், கணவன் பாலகணேஷ், தான் என நான்கு பேரையும் எழுதினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாலகணேஷ் தோணி முதலாளி ஒருவரிடம் கணக்குப் பார்த்தவன். சரக்கு இறக்குவதைப் பார்க்க மாலத்தீவுத் தோணியில் போனான். தோணி கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள், அவன் மட்டும் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. செல்லத்தாய் இன்றும் அவனுக்கு ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைக்கிறாள். சாயங்காலத்தில் தெருவில் ஏதாவது பைக் நின்றால் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் தலை தூக்குவார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஐஸ்வர்யாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தாலி கழுத்தில் கிடக்கிறது. மனைவியா விதவையா என்று அவளுக்கே தெரியாது. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினாள்.

அன்று ஆய்வகத்தில், 'இல்லை' என்பதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது என்ற மறுப்புப் பாடம். பழைய கோப்பில் மாமனார் இறந்தது ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே விதியைச் சேர்த்தாள்:

irandhavar(rajadurai).
uyirudan(X) :- nabar(X), \+ irandhavar(X).

"இறந்தவர்னு நிரூபிக்க முடியலைன்னா உயிரோட இருக்கார்னு இது எடுத்துக்கும்" என்றாள்.

முதல் வரிசை இசக்கிராஜா சும்மா இருக்கமாட்டான். uyirudan(balaganesh) என்று கேட்டான். திரையில் true வந்தது.

"மேடம், பாலகணேஷ் சார் எங்கன வேலை பாக்காங்க?"

விகல்பமில்லாத கேள்வி. ஐஸ்வர்யா திரையைப் பார்த்தாள். மாமியார் தினமும் தட்டை மூடி வைத்துச் சொல்வதைத்தான் இந்தப் பாழாய்ப்போன இயந்திரமும் சொல்கிறது. செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே இருக்கிறான்.

"இதுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நாம சொல்லாததை இல்லைன்னு எடுத்துக்கும், அவ்வளவுதான். விதியை மாத்துவோம். உயிரோட இருக்கறதையும் யாராவது பார்த்துச் சொன்னாத்தான் ஒத்துக்கணும்."

விதியை அழித்தாள். அதற்குப் பதிலாக, கண்ணால் பார்க்கிறவர்களை மட்டும் எழுதினாள்:

uyirudan(sellathai).
uyirudan(aishwarya).

இசக்கிராஜா மறுபடி கேட்டான். பாலகணேஷ் உயிருடன் இருக்கிறாரா? false. இறந்தவரா? அதற்கும் false.

"ரெண்டும் இல்லைங்குதே. அப்ப அவுக எங்கன இருக்காவ மேடம்?"

வகுப்பு சிரித்தது. எங்கே இருக்கிறான்? மூடிய தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறான். கொடியில் துவைத்துத் துவைத்துக் காயும் அவன் சட்டையில் இருக்கிறான். கட்டிலில் அவளுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிறான். அந்தப் பக்கம் அவள் புரண்டு படுத்ததே இல்லை. இப்படியே கிழவியாகிவிடுவோமோ என்று அவளுக்கு முதன்முறையாகப் பயம் வந்தது.

பேருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது செல்லத்தாய் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஐஸ்வர்யா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அத்தை, அவுக செத்துட்டாக."

சொல்லிவிட்டு, இடி விழப்போகிறது என்று நின்றாள். செல்லத்தாய் பானையை நிமிர்த்தி வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இதைச் சொல்ல உனக்கு இம்புட்டு நாளாச்சாளா?"

ஐஸ்வர்யாவுக்குப் புரியவில்லை.

"தோணிக்காரவுக வந்து சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் சொல்லிட்டா நீ தாங்கமாட்டேன்னு வாயை மூடிக்கிட்டேன். உனக்காவத்தாம்ளா அந்தத் தட்டை எடுத்து வச்சேன்."

"நான் உங்களுக்காவத்தான் அத்தை பேசாம இருந்தேன்."

செல்லத்தாய் மருமகளைப் பார்த்தாள். உதடு கோணியது. பிறகு பெற்ற வயிற்றில் ஓங்கி அடித்துக்கொண்டு, மூன்று வருடமாய் அடக்கி வைத்திருந்த ஒப்பாரியை எடுத்தாள். ஐஸ்வர்யா அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். என்ன ஆயிற்று என்று ஒருத்தியும் கேட்கவில்லை. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, அவர்களும் அழத் தொடங்கினார்கள்.