நாற்பது நிமிட அறிக்கை

ஒரு பார்சல் நிறுவனத்தின் டேட்டாபேஸைப் பத்து வருடமாகக் கட்டி மேய்ப்பவள் என் அக்கா. எந்தக் கிளையில் நேற்று வரை எத்தனை பார்சல் போயிற்று என்று சொல்லும் தினசரி அறிக்கை அங்கே வர நாற்பது நிமிடம் ஆகும். மேலாளர் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து, "சிஸ்டம் ஆமை மாதிரி நகருதும்மா" என்பார்.

அக்கா ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரு நாளின் பதிவுகளுக்காகக் கோடிக்கணக்கான பழைய பதிவுகளையும் துழாவாதபடி தேதிக்கு இன்டெக்ஸ் போட்டாள். முடிந்த நாட்களின் கூட்டுத்தொகையைத் தனி அட்டவணையில் வைத்து, தினமும் அதிகாலையில் முந்தைய நாளை மட்டும் அதில் சேர்த்தாள். வந்த அறிக்கையை அன்று முழுக்க கேஷில், அதாவது உடனே எடுத்துக் காட்டும் தற்காலிக நினைவகத்தில், வைத்தாள். அதன்பின் அது கண் மூடித் திறப்பதற்குள் வந்தது.

மேலாளர் அன்று அறுபது தடவை தட்டினார். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டார்.

"காலைலேருந்து அதே நம்பர்தான் வருது. எதையோ கெடுத்து வெச்சிருக்கே."

"நேத்து வரைக்கும் உள்ள எண்ணிக்கை சார். நேத்துதான் முடிஞ்சு போச்சே, எப்படி மாறும்?"

"முன்னாடி நாப்பது நிமிஷம் யோசிச்சு சொல்லும். இது யோசிக்கவே இல்லையேம்மா."

அக்கா 'பார்த்த நேரம்' என்று அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்தாள். ஒவ்வொரு தட்டலுக்கும் அது மட்டும் மாறியது.

"இப்பதான் சரியா ஓடுது" என்றார் மேலாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் அக்காவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.