யாருக்கு வலிக்கிறது

மம்சாபுரத்து இருளப்பசாமிக்குத் தொண்டைதான் பிழைப்பு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொற்றிக்கொண்டு அவர் ஊர்ப் பெயரைச் சொன்னால் பின் சீட்டில் தூங்குகிறவனும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவான். வீட்டுக்குள் நுழையும்போதும் அதே குரல்தான். தெருமுனையிலிருந்தே “பரிபூரணம்” என்று மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்.

ஒரு மாசி மாதக் காலையில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே வலது கை தொங்கிப்போனது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. காலை இழுத்து இழுத்து நடக்கவும் வந்தது. பேச்சுதான் சிதறிவிட்டது. தண்ணி, சோறு, பஸ், பசி என்று சொற்கள் தனித்தனியாக வந்தன. அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற ஒட்டுகள் வரவில்லை. பிறர் பேசுவது அவருக்கு நன்றாகவே புரிந்தது. தன் வாயிலிருந்து விழுவது அரைகுறையாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. அந்த வெட்கத்தில் பாதி நாள் பேசாமலே இருந்தார்.

மகள் மாரீஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு மில் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். லீவு கிடைக்கிற நாட்களில் அவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சுப் பயிற்சி தருகிற ஃபரீதாவிடம் கூட்டிப்போனாள். ஃபரீதா படங்களைக் காட்டிச் சொல்லச் சொல்வாள். பையன் ஓடுகிற படத்துக்கு “பையன்... ஓடுதான்” என்று திக்கித் திக்கிச் சொல்லிவிடுவார். தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண் படத்துக்கு “பொம்பள... தலை... வலிக்குது” என்பார். “பொம்பளைக்கு” என்று ஃபரீதா எடுத்துக் கொடுப்பாள். அந்தக் ‘க்கு’ மட்டும் அவர் நாக்கில் ஏறாது.

மாரீஸ்வரிக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஃபரீதாதான் விளங்கச் சொன்னாள்.

“வந்தேன், போனான்னா, ஆள விட்டுட்டாலும் கடைசி எழுத்து யாருன்னு காட்டிக் குடுத்துரும். பசி, வலி, தெரியுறது, பிடிக்கிறது எல்லாம் அப்படி இல்ல. அது நாம செய்யுறது இல்ல, நமக்கு வாரது. எனக்கும் வலிக்குதுதான், உனக்கும் வலிக்குதுதான், அவுகளுக்கும் வலிக்குதுதான். அந்த ‘க்கு’ போச்சுன்னா யாருக்குன்னு கண்டுபிடிக்க அந்தப் பேச்சுல வேற பிடியே கிடையாது.”

அதனால் முதலில் ‘எனக்கு’ என்பதை ஒரே சொல்லாக அவர் மனதில் ஏற்றினாள். எனக்குப் பசிக்குது, எனக்கு வேணும், எனக்கு வேண்டாம். சித்திரை பிறப்பதற்குள் அது படிந்துவிட்டது. “எனக்குப் பசிக்குது” என்று அவர் முழுசாகச் சொன்ன அன்று பரிபூரணம் சோற்றுத் தட்டோடு நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அடுத்தவர் பெயரில் அந்த ஒட்டைச் சேர்க்க அவருக்கு இன்னும் வரவில்லை. பரிபூரணம் என்ற பெயரோ இன்னும் கஷ்டம்; ‘ம்’ உதிர்ந்து ‘த்துக்கு’ வந்து ஏற வேண்டும். தடுமாறும்போதெல்லாம் பழகின ‘எனக்கு’தான் முந்திக்கொண்டு வந்தது.

மாங்காய்க் காலம் வந்தது. பரிபூரணம் மலையடிவாரத் தோப்பில் கூலிக்குக் காய் சுமந்தாள். ஒரு நாள் மத்தியானமே திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கை நெஞ்சைப் பிசைந்தது. முகமெல்லாம் வேர்வை. இடது தோளிலிருந்து முழங்கை வரைக்கும் இழுக்கிறது என்றாள். இருளப்பசாமி எழுந்திருக்கத் தவித்தார். வாய்வுதான், பதறாதீங்க என்று சொல்லி ஒரு சோடா வாங்கிக் குடித்தாள். செத்த நேரம் படுத்துவிட்டுப் புழக்கடைக்குப் பாத்திரம் துலக்கப் போனாள்.

அவர் சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கி அடுக்கி வைத்தார். மாரீஸ்வரி செருப்பைக் கழற்றும் முன்பே அவர் சொன்னார்.

“பரிபூரணம்... நெஞ்சு... வலிக்குது.”

மாரீஸ்வரி காதில் அது, நெஞ்சு வலிக்கிறது என்று அப்பா அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி விழுந்தது. எத்தனை வருஷமாகக் கேட்ட கூப்பாடு. “அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு வலிக்குதாம்” என்று பின்பக்கம் ஓடினாள். பரிபூரணம் ஈரக் கையோடு ஓடி வந்தாள். ஏற்கெனவே ஒருமுறை விழுந்த மனிதர். அந்தப் பயத்தில் அவளுக்குத் தன் வலியே மறந்துபோனது.

ஆட்டோ வந்தது. அவர் ஏற மறுத்தார். இடது கையால் மனைவியைக் காட்டினார். துணைக்கு வரச் சொல்கிறார் என்று நினைத்து அவளும் ஏறி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய மார்பில் வயர்களை ஒட்டினார்கள். வலி இருக்கிறதா என்று டாக்டர் நிதானமாகவே கேட்டார். இருளப்பசாமி உயிரைத் திரட்டி வாயைத் திறந்தார். பரிபூரணம் என்று தொடங்க நினைத்தார்.

“எனக்கு” என்று வந்தது.

தலையை ஆட்டி, “எனக்கு... இல்ல” என்றார். எனக்கு இல்லை, அவளுக்கு என்பது அவர் நினைத்தது. இப்போது வலி இல்லை என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொண்டதில் தப்பு சொல்ல முடியாது. அந்த இரண்டு சொல்லுக்கு அந்த அர்த்தமும் உண்டு. இ.சி.ஜி. பதிவிலும் கோளாறு ஒன்றும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் பரிபூரணம் முந்தானையால் விசிறிக்கொண்டு, சாமி காப்பாத்திருச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கையைப் பிடித்து இழுத்த அவரை, சும்மா இருங்க என்று அடக்கினாள்.

மறுநாள் காலையில் தோப்புக்குப் புறப்பட்டவள் தூக்குவாளியில் கஞ்சி ஊற்றும்போதே சரிந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள், புருஷனுக்கு வந்ததைத் தான் வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் காதுபடவே பேசினார்கள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மாரீஸ்வரியும் அதை நம்பினாள். அவரைத் தாங்குவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துபோனது.

காரியங்கள் முடிந்த பிறகு மறுபடி பயிற்சிக்குப் போனார்கள். ஃபரீதா படங்களை எடுத்து வைத்தாள். அவர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத் தலைவலிக்காரப் பெண்ணின் படத்தை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறு எதையும் தொடவில்லை. அன்றைக்கும் அதற்கு அடுத்த முறையும் அந்த ஒன்றைத்தான் சொல்லப் பார்த்தார். ஃபரீதாவும் காரணம் கேட்காமல் கூடவே சொன்னாள். பொம்பளைக்கு. அம்மாவுக்கு. மாரிக்கு.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி சோறு போட்டு வைத்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பரிபூரணம்...” என்றார். நிறுத்தினார். “பரிபூரண...த்துக்கு. நெஞ்சு வலிச்சுது.”

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, “அன்னைக்கா, அப்பா?” என்றாள்.

அவர் தலையசைத்தார். சுவரோரத்தைக் காட்டினார். தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டி, பிறகு அந்தக் கையை ஆட்டி இல்லை என்றார். ஆட்டோவுக்குள் அவர் நீட்டிய கை எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு வந்ததும் ஞாபகம் வந்தது. அவள் தட்டை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. அவர் சோற்றைத் தொடாமல் காத்திருந்தார்.

வந்தவள் ஆறிப்போன சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும், பசி என்றாலும் வலி என்றாலும், அவள் வேலையை விட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து “யாருக்கு?” என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு மில் பஸ் போனாலும் போகட்டும் என்று காத்திருக்கிறாள். சில நாள் பதில் வரும். சில நாள் அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் வராது.