கீழே சரிந்த கோடும் நான் கொடுத்த வாக்கும்

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். இலை அசையாத புழுக்கம். எங்கள் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் சங்கத்தின் மாடியறையில் மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது. அதுவும் தலைவர் தலைக்கு மேல்.

முதலீட்டுக் குழுவில் நாங்கள் மூன்று பேர். தலைவர், கிளை மேலாளராக ஓய்வுபெற்ற அம்மையார், அதிகம் பேசமாட்டார். செயலாளர் எங்கள் பழைய காசாளர். அவர் மகன் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கிறார். நான் பொருளாளர். வங்கியில் அரசுப் பத்திரங்கள் வாங்கி விற்கும் பிரிவில் இருந்தவன். வட்டி விகிதம் கால் புள்ளி அசைந்தால் எனக்கு அன்று தூக்கம் கெடும்.

சங்கத்தின் பழைய பத்திரம் ஒன்று முதிர்ந்து பன்னிரண்டு லட்சம் கைக்கு வந்திருந்தது. அதன் வட்டியில்தான் உறுப்பினர்களின் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறோம். பொங்கல் கழித்துச் செயலாளரின் மனைவிக்கு முட்டி அறுவை சிகிச்சை. பிரீமியம் எந்த வருடமும் தவறக்கூடாது என்பதில் அவர் குறியாக இருந்தார்.

நான் வரைபடத் தாளை விரித்தேன். கீழே ஒரு வருடம், இரண்டு, ஐந்து, பத்து என்று பத்திரங்களின் காலம். பக்கவாட்டில் இன்றைய வருவாய் விகிதம். ஒரு வருடப் பத்திரத்துக்கு 7.40. பத்து வருடத்துக்கு 6.90. இடையில் கோடு கீழே சரிந்துகொண்டே போனது.

"அப்ப பத்து வருசம் கழிச்சு வட்டி ஆறு தொண்ணூறுக்கு வந்துடுமா சார்?" என்றார் செயலாளர்.

இல்லை என்றேன். இந்தத் தாளில் நாளை என்பதே கிடையாது. உங்கள் மகன் கடையில் எல்லாச் சேலையிலும் இன்றைய விலைச்சீட்டுதானே தொங்குகிறது, அதுபோல எல்லாப் புள்ளியும் இன்றைய விலை. எவ்வளவு காலத்துக்குக் கடன் கொடுக்கிறோம் என்பதுதான் வேறு.

அவருக்குப் பாதிதான் சமாதானம். "பத்து வருசம் காசைக் கட்டிப் போடறேன், அதுக்கு கம்மியா குடுக்கறான். எவன் சார் இதை வாங்கிக்கினு இருக்கான்?"

வழக்கமாக நீண்ட காலத்துக்குத்தான் கூடுதல் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டேன். கோடு தலைகீழானால், குறுகிய கால வட்டி இனி இறங்கும் என்று சந்தை நினைப்பதாகப் பொருள் கொள்ளலாம். இறங்குவதற்குள் இன்றைய வட்டியைப் பிடித்துவைக்கப் பலர் நீண்ட பத்திரத்தை வாங்க, அதன் விலை ஏறி, போடும் பணத்துக்கு வருவாய் குறைகிறது. இப்படிக் கோடு சரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று டிவியில் சொன்னார்களே, பட்டுக்கடை என்னாகும் என்று அவர் அடுத்த கவலைக்குத் தாவினார். பல நாடுகளில் மந்தத்துக்கு முன்னால் இப்படி ஆனதுண்டு, ஆனால் இது சந்தையின் ஊகம்தான், பத்திரம் எழுதிக் கொடுத்த வாக்கல்ல என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வருடத்துக்குப் போட்டால் அடுத்த ஆகஸ்டில் கிடைக்கிற வட்டிக்குத்தான் மறுபடி போடவேண்டும், பத்து வருடமே நமக்குப் பாதுகாப்பு என்று வாதாடினேன். செயலாளர் விடவில்லை. இந்த வருடப் பிரீமியம் எண்பத்தெட்டாயிரம், 7.40 வந்தால் மட்டுமே கட்டமுடியும் என்றார். எனக்குச் சூடேறிவிட்டது.

"பத்து வருஷத்துக்கே போடுங்க. முதல் வருஷம் ஒரு வருஷப் பத்திரத்தைவிட எவ்வளவு குறையுதோ, அதை என் கையிலிருந்து தரேன். வட்டி விழத்தான் போகுது."

தலைவர் பேனா மூடியைத் திறந்தார். "சார், ஒரு வருஷப் பத்திரத்தை இன்னைக்கு வாங்கினா, நடுவுல வட்டி எவ்ளோ விழுந்தாலும் அந்த ஏழு நாப்பது அப்படியேதானே வரும்?"

"ஆமாம், மேடம்."

"அப்ப முதல் வருஷம் நீங்க தோக்கறது இன்னைக்கே தெரியுதே. அந்தக் கோடு சொல்றதே அதுதானே?"

பதினொரு வருடம் பத்திரம் விற்றவன் நான். பந்தயத்தின் முடிவை நானே வரைந்து, நானே விரித்து வைத்திருந்தேன். வட்டி விழுந்தால் லாபம் இரண்டாம் வருடத்திலிருந்துதான், அதுவும் விழுந்தால்தான். பத்து வருடத்துக்குப் போடுவது, முதல் வருடக் குறையைப் பொருளாளர் தருவது என்ற தீர்மானத்தைச் செயலாளர் அதற்குள் வழிமொழிந்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் வழிமொழிந்து நான் பார்த்ததில்லை.

பிரீமியம் கட்டினோம். அறுவை சிகிச்சை நடந்தது. அந்த அம்மாள் இப்போது எங்கள் மாடிப்படியைப் பிடிமானமில்லாமல் ஏறுகிறார்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு வருடப் பத்திரம் 6.40க்கு இறங்கியிருந்தது. எங்களுக்கு 6.90 வந்துகொண்டிருந்தது. என் ஊகம் பலித்துவிட்டது, கொடுத்ததில் பாதியாவது திரும்பக் கிடைக்குமா என்று குழுவில் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தேன். தீர்மானத்தில் முதல் வருடம் மட்டும்தான் இருக்கிறது என்றார் தலைவர். செயலாளர் எனக்கு ஒரு காபி சொன்னார்.

பன்னிரண்டு லட்சத்துக்கு அரை சதவீதம். எனக்கு ஆன செலவு ரூபாய் 6,000.