பாய்லர் ஆறிய காலை

பாய்லரை எப்போது திறப்பது என்று பேசிய அந்தக் கூட்டத்தில் மேனேஜர் இருந்தார், சூப்பர்வைசர் அக்கா இருந்தார், பாய்லரை ஓட்டுபவர் இருந்தார், பராமரிப்புப் பிரிவின் சார்பில் நான் இருந்தேன். நண்டுச் சதை பிரிக்கும் பதினெட்டுப் பெண்களில் ஒருவரும் இல்லை. அவர்களைத் தினமும் கூட்டி வந்து கூட்டிப் போகும் வேன்காரரும் இல்லை. கூப்பிட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருந்த நண்டுக் கம்பெனி அது. மத்தியானம் படகிலிருந்து வரும் நண்டை நீராவியில் அவித்து, ஆறவைத்து, குளிர் அறையில் வைப்போம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஷிப்டு தொடங்கியதும் பெண்கள் அதை உடைத்துச் சதை எடுப்பார்கள். எடுத்த சதையை டப்பாவில் அடைத்துச் சூடு காட்டுவதற்கு மறுபடி நீராவி வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பாய்லர். அதன் அடிப்பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு மூடி உண்டு. அந்த மூடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் வளையம் முதலில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு சீறத் தொடங்கியது.

கேஸ்கெட்டை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் பாய்லரை அணைத்த உடனே திறக்க முடியாது. சாயங்காலம் அணைத்தால் ராத்திரி முழுக்கத் தானாக ஆறவேண்டும். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே படிந்த உப்பைச் சுரண்டி, மூடியை மாட்டி, தண்ணீர் நிரப்பி, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நீராவி வர மத்தியானம் ஒரு மணியாகிவிடும்.

கூட்டத்தில் நான் சொன்னது இதுதான். காலை ஷிப்டுக்கு நீராவி தேவையில்லை, அவித்த நண்டு இருந்தால் போதும். முதல் நாள் நண்டை இரண்டு மடங்கு வாங்கி அவித்து வைத்துவிட்டால், பாய்லர் ஒரு பக்கம் திறந்து கிடக்கும், மேசையில் வேலை ஒரு பக்கம் ஓடும். மேனேஜருக்குப் பிடித்துப்போனது. நானே மேசைப் பக்கம் போய், மண்டபம் இலங்கை அகதி முகாமிலிருந்து வரும் அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த முகாம் அக்காவிடம் சொன்னேன்.

"உங்க ஷிப்டுல ஒரு மணி நேரம்கூடப் போகாதுக்கா."

போன தடவை மோட்டார் எரிந்தபோது அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். கிலோவுக்குக் கூலி வாங்குபவர்களுக்குச் சதை எடுக்காத நாள், கூலி இல்லாத நாள்.

"ஓம் தம்பி," என்றார் நண்டுக்காலை உடைத்தபடி. "நீங்க படிச்ச பிள்ளை. சொன்னாச் சரிதான்."

அதில் கேலி இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அபிராமத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் என் அய்யா, வெயில் சாய்வதைப் பார்த்து ஆட்டைத் திருப்புகிறவர். ஷிப்டு என்ற சொல்லே எங்கள் வீட்டுக்கு என்னோடுதான் வந்தது. அதனால் அந்தத் திட்டம் பிசகக் கூடாது என்று எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பாய்லரைத் திறப்பதற்கு முதல் நாள், கடலைக் கலக்கும் கச்சான் காற்று எழுந்தது. படகுகள் பாதி போகவில்லை. போனவையும் ஏறக்குறைய வெறும் வலையோடு திரும்பின. இரண்டு மடங்கு கேட்ட எனக்கு வந்தது இரண்டு மணி நேர வேலைக்கான நண்டு.

"தள்ளிப் போட்டுருவோமா தம்பி?" என்றார் சூப்பர்வைசர் அக்கா.

முடியாது. ராமநாதபுரத்திலிருந்து வரும் ஃபிட்டரை அந்த நாள் விட்டால் அடுத்து எப்போது பிடிப்பது என்று தெரியாது. நண்டு உள்ளே வேகும்போது அந்த மூடி பிய்த்துக்கொண்டால், நண்டும் போகும், பக்கத்தில் நிற்கும் ஆளும் போவார். நான் மறுபடி கணக்குப் போட்டேன். ஷிப்டைப் பதினொரு மணிக்குத் தள்ளிவிட்டால்? பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை இருக்கிற நண்டு ஓடும். ஒரு மணிக்கு நீராவி வந்துவிடும், மத்தியான நண்டு அவிந்துவிடும். சாயங்காலம் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் சரியாகிவிடும். சூப்பர்வைசர் அக்கா எல்லாருக்கும் போன் போட்டார்.

காலையில் பாய்லர் ரூமில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு மணிக்கு வேன் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பதினெட்டுப் பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பதினொன்னுக்குன்னு சொல்லலையாக்கா?" என்று முகாம் அக்காவைக் கேட்டேன்.

"சொன்னவை. வேன்காரர் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏத்தப் போவார். பிறகு அவருக்கு வேற ஓட்டம். எங்களை இறக்கிறதெண்டா ஏழு மணிக்குத்தான். நாலு மணிக்கு வந்து ஏத்துவார். ஆறு மணிக்குள்ள நாங்க முகாமுக்குள்ள நிக்கோணும்."

வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? இருந்த நண்டை ஒன்பது மணிக்கு முடித்துவிட்டார்கள். மேசையைக் கழுவினார்கள். பிறகு வேப்பமர நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாய்லர் ரூம் வாசலிலிருந்து பார்த்தால் நேரே அவர்கள்தான் தெரிவார்கள்.

எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பாய்லர் மேல் கையை வைப்பேன், எடுப்பேன். மரத்தடியைப் பார்ப்பேன். மறுபடி கையை வைப்பேன்.

"ஏலே, நீ தொட்டுத் தொட்டுப் பாத்தா அது ஆறிருமா? காய்ச்சக்காரப் பிள்ளையவா பாத்துக்கிட்டிருக்க?" என்றார் ஃபிட்டர்.

மேனேஜர் வந்தார். "பச்சைத் தண்ணிய உள்ள விட்டு ஆத்தலாம்ல?"

"விடலாம் சார்," என்றார் ஃபிட்டர். "சூட்டுல பச்சைத் தண்ணி பட்டா குழாய் மூட்டு விட்டுக் கசியும், தகடு வெடிப்பு விடும். அப்புறம் இன்னிக்கு மட்டுமில்ல, ஒரு மாசம் உக்காந்திருக்கலாம்."

மேனேஜர் போய்விட்டார். எனக்கும் அதே ஆசைதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரை வடித்தோம். ஃபிட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே விரல் கனத்துக்கு வெள்ளையாய் உப்பு. பாய்லர்காரரும் நானும் மாறி மாறிச் சுரண்டினோம். புதுக் கேஸ்கெட், மூடி, தண்ணீர், மெல்லத் தீ. திட்டத்தில் எழுதியபடி சரியாக ஒரு மணிக்கு பிரஷர் மீட்டரில் முள் ஏறி நின்றது. கசிவு இல்லை. ஃபிட்டர் கையைக் கழுவிக்கொண்டே, "போ, போயி சொல்லு அவுகள்ட்ட," என்றார்.

மரத்தடிக்குப் போய்ச் சொன்னேன். முகாம் அக்கா எழுந்திருக்கவில்லை.

"ஸ்டீம் வந்திட்டுது சரி. நண்டு ஆறோணுமே தம்பி. கொதிக்கக் கொதிக்க உடைச்சாச் சதை கந்தலாய்ப் போகும், கையும் வெந்து போகும்."

பாய்லர் ஆறுவதற்கு ராத்திரி முழுக்க நேரம் ஒதுக்கியிருந்தேன். நண்டு ஆறுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. தினமும் அது ராத்திரியில் தானாக ஆறிக் கிடப்பதால், அதற்கும் நேரம் பிடிக்கும் என்பது கணக்கிலேயே வரவில்லை.

அன்று காற்று தணிந்து படகுகள் கொண்டுவந்த நண்டு, அவிந்து ஆறி மேசைக்கு வந்தபோது மணி இரண்டரை. நாலு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது. கூடை பாதிக்கு மேல் மிச்சம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐஸ் போட்டு மூடினார்கள்.

மேனேஜர் பராமரிப்புத் தாளை நீட்டினார். "குடுத்த நேரத்துக்குள்ள முடிச்சிட்ட. இழந்த நேரம்கிற இடத்துல 'இல்லை'ன்னு போட்டுரு."

"லேடீஸ் உக்காந்திருந்தாங்களே சார்."

"அவங்க கிலோ கணக்கு தம்பி. அவங்களுக்கு ஏது மணிக் கணக்கு?"

தாளோடு வேன் பக்கம் போனேன். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கைவிரல் வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சும்மா உக்காந்திருந்தது எத்தன மணி நேரம்?"

"ஆர் கேக்கினம்?"

"எழுதணும்."

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒன்பதிலிருந்து ரெண்டரை. அதில சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்தைக் கழிச்சுப் போடுங்கோ. அது எங்கட நேரம். பொய் சொல்லக் கூடாது."

"அஞ்சு மணி நேரம்."

"ஓராளுக்கு," என்றார்.

வேன் கிளம்பியது. பாய்லர் ரூம் படியில் உட்கார்ந்து, இழந்த நேரம் என்ற இடத்தில் எழுதினேன்: பதினெட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து, மொத்தம் தொண்ணூறு மணி நேரம்.